ஐஸ் விட்ட இறால் ஃப்ரிட்ஜுக்குள்ள எத்தனை நாள் தாங்கும்? ஒரு மத்திகிரி வீட்டுக் கதை

1.
போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். 7 வயசுப் பையனும் அவனோட பாட்டியும் ஒரே ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. ரெண்டு பேருக்கும் வயித்துப்போக்கு, வயித்து வலி, லேசான ஜுரம். பையனுக்கு காலையில இருந்து எட்டு தடவை போயிருக்கு. நாக்கு வறண்டு கிடந்தது.

வழக்கமா கேக்குற கேள்வியைக் கேட்டேன். நேத்து என்ன சாப்பிட்டீங்க?

பையனோட அம்மா கொஞ்சம் தயங்கிட்டு, "வீட்ல இறாலும் கணவாயும் செஞ்சோம் டாக்டர். ஆனா இவங்க ரெண்டு பேரும் அதைத் தொடவே இல்ல" அப்படின்னாங்க.

2.
பாட்டிக்கு வியாழக்கிழமை அசைவம் ஆகாது. ராகவேந்திரர் நாள். பையனுக்கு இறாலைக் கண்டாலே பிடிக்காது. ரெண்டு பேரும் சாப்பிட்டது சாதம், ரசம், அப்புறம் கோசம்பரி. ஓசூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு கோசம்பரியை விளக்கத் தேவையில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன்: ஊறின பாசிப்பருப்பு, பொடியா நறுக்கின வெள்ளரிக்காய், துருவின கேரட், தேங்காய், எலுமிச்சை. எல்லாமே பச்சையா.

இறாலை அள்ளி அள்ளிச் சாப்பிட்டது அப்பா. அவர் கல்லு மாதிரி பக்கத்துல நிக்கிறார். "இறால் மேல தப்பே இல்ல சார். இருந்தா நான்தான மொதல்ல படுத்திருக்கணும்?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

3.
முதல்ல அந்த இறாலோட ஒரு வாரத்தை வரிசையா கேட்டு எழுதிக்கிட்டேன்.

ஞாயிறு காலை 10 மணி: கடையில 1 கிலோ வன்னாமி இறால், அரை கிலோ கணவாய். தெர்மாகோல் பெட்டியில ஐஸ் மேல கிடந்தது. "ஃப்ரெஷ்" அப்படின்னு கடைக்காரர் சொன்னார். ஆனா நடுவுல சில இறால் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பாளமா இருந்ததை இவங்க பாத்திருக்காங்க.

காலை 11 முதல் மதியம் 1.30 வரை: வீட்டு சிங்க்ல, கவரோட.

மதியம்: பாதி இறால் தொக்கு ஆச்சு. மீதி அரை கிலோ இறாலும் கணவாயும் சுத்தம் பண்ணி, மஞ்சளும் உப்பும் தடவி, அதே கேரி கவர்ல முடிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜ் நடுத் தட்டுல. வீட்டுக்காரருக்கு புதன்கிழமை வீக் ஆஃப். அன்னிக்கு செய்யலாம்னு கணக்கு.

4.
செவ்வாய்: மாதாந்திர மின் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்ல. நடுவுல ஜில் தண்ணிக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தது எத்தனை தடவைன்னு கணக்கு இல்ல.

புதன்: கம்பெனியில ஓவர்டைம். வீக் ஆஃப் போச்சு. இறால் அங்கேயே.

வியாழன் மாலை 6 மணி: இறால் குழம்பு, கணவாய் வறுவல். "லேசா வாடை இருந்துச்சு டாக்டர். ரெண்டு தடவை மஞ்சத்தண்ணில கழுவினேன். போயிடுச்சு."

அப்புறம் நான் கேக்காமலே ஒண்ணு சொன்னாங்க. "காய் டப்பாவுல சிவப்பா தண்ணி தேங்கியிருந்துச்சு. தொடைச்சு விட்டுட்டேன்."

கதை அங்கதான் இருக்கு.

5.
ஃப்ரிட்ஜ் நடுத் தட்டுல கவர். கவருக்குக் கீழ காய்கறி டப்பா. அதுல வெள்ளரிக்காய், கேரட், கொத்தமல்லி. கேரி கவரோட முடிச்சு தண்ணியைத் தாங்காது. நாலு நாள் சொட்டுச் சொட்டா கீழ இறங்கியிருக்கு. வெள்ளரிக்காயை ஒரு தடவை குழாய்த் தண்ணியில அலசிட்டு பச்சையா நறுக்கியிருக்காங்க.

இறால் அடுப்புல கொதிச்சது. அதுல இருந்த கிருமி செத்தது. இறாலோட தண்ணி விழுந்த வெள்ளரிக்காய் அடுப்புக்கே போகல. அதனாலதான் இறால் சாப்பிட்டவர் நல்லா இருக்கார், சாப்பிடாதவங்க படுத்துட்டாங்க.

அவசரத்துல நாங்க மலத்தை கல்ச்சருக்கு அனுப்பல. அதனால இன்ன கிருமின்னு பேர் வெக்க மாட்டேன். ஆனா சாப்பிட்டு 12 மணி நேரம் சுமாருக்கு அப்புறம் ஆரம்பிச்ச வயித்துப்போக்கு, பாதிக்கப்பட்ட ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த ஒரே பச்சை உணவு, டப்பாவுல தேங்கின தண்ணி. மூணும் ஒரே பக்கம் கை காட்டுது.

6.
"ஃப்ரிட்ஜ்லதான வெச்சோம்?" இதை எல்லாரும் கேக்குறாங்க. ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்றது இல்ல. மெதுவாக்குது, அவ்வளவுதான். ஃப்ரீசர்கூட பெரும்பாலான பாக்டீரியாவைக் கொல்லாது. தூங்க வைக்கும். ஐஸ் விட்டதும் அது எழுந்துக்கும்.

எழுந்துக்கும்போது அதுக்கு முன்னாடி ஒரு விருந்தே தயாரா இருக்கும். இறால் உறையும்போது சதைக்குள்ள இருக்கிற தண்ணி ஊசி ஊசியா ஐஸ் ஆகும். அந்த ஊசி செல்களைக் கிழிக்கும். உருகும்போது கிழிஞ்ச செல்லுல இருந்து புரதமும் அமினோ அமிலமும் கலந்த சாறு வடியும். கவரோட அடியில தேங்குற அந்த இளஞ்சிவப்புத் தண்ணி வெறும் தண்ணி இல்ல. கிருமி வளர்க்க லேப்ல நாங்க தயார் பண்ற கரைசலுக்கு அண்ணன் தம்பி.

அதனாலதான் ஒருக்கா உறைஞ்சு உருகின இறால், உறையாத இறாலை விட சீக்கிரம் கெடும்.

7.
இது போக இறாலுக்குள்ளேயே ஒரு பிரச்சனை இருக்கு. அதோட தலையில இருக்கிற செரிமான உறுப்புல சதையைக் கரைக்கிற நொதிகள் நிறைய. இறால் செத்த பிறகும் அது வேலையை நிறுத்தாது. தலையோட வெச்ச இறால் கழுத்துப் பக்கம் கொழகொழன்னு ஆகுறது அதனால. கணவாயும் அப்படித்தான். அதோட நொதி வேகமா சதையை உடைக்கும். தோல்ல இருக்கிற நிறப்பை உடைஞ்சு, வெள்ளைச் சதை ரோஸ் கலராகும்.

பாக்டீரியா வேற, நொதி வேற. ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யுது.

8.
சரி, எத்தனை நாள் தாங்கும்? அந்த அப்பா ஒரு தொழிற்சாலையில க்வாலிட்டி செக்ஷன்ல இருக்கார். போனை எடுத்து அமெரிக்க அரசோட உணவுப் பாதுகாப்பு அட்டவணையைக் காட்டினார். ஃப்ரிட்ஜ்ல இறால் 3 முதல் 5 நாள், கணவாய் 1 முதல் 3 நாள்னு போட்டிருந்தது. "நாலு நாள்தான் சார் ஆச்சு. கணக்குப்படி இறால் சரியாத்தான இருக்கணும்?"

அட்டவணை பொய் இல்ல. ஆனா அதுக்குள்ள சொல்லாத சில நிபந்தனை இருக்கு. ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலயோ அதுக்குக் கீழயோ இருக்கணும். இறால் உங்க கைக்கு வர்ற வரைக்கும் குளிர் விட்டுப் போயிருக்கக் கூடாது. கரண்ட் போகக் கூடாது. அதே அமெரிக்க அரசுத் துறைகள், பச்சை மீனையும் இறாலையும் வாங்கினா 1 அல்லது 2 நாள்ல சமைங்க, இல்ல ஃப்ரீசர்ல போடுங்கன்னும் சொல்லுது. வீட்டுக்கு நான் எடுத்துக்குறது இந்த ரெண்டாவது கணக்கைத்தான்.

9.
அவர்கிட்ட ஒரு வேலை கொடுத்தேன். "கம்பெனியில தெர்மாமீட்டர் இருக்குமே. ஒரு டம்ளர் தண்ணியில அதைப் போட்டு, நடுத் தட்டுல ராத்திரி முழுக்க வெச்சு, காலையில கதவைத் திறந்த உடனே பாருங்க."

மறுநாள் வந்து சொன்னார்: 10 டிகிரி.

அவருக்கே ஆச்சரியம். எனக்கு இல்ல. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், திருகுற குமிழ் நடுவுல, தட்டு நிறைய பாத்திரம், அடிக்கடி திறக்குற கதவு. பல வீட்டுல நிலைமை இதுதான். கைக்கு ஜில்லுனு இருந்தா போதும்னு நினைக்கிறோம். 10 டிகிரியும் கைக்கு ஜில்லுன்னுதான் இருக்கும்.

10.
4 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணலாம். மீன் தொழில்நுட்பத்துல இருக்கிறவங்க ஒரு எளிய கணக்கு வெச்சிருக்காங்க. மீன் ஐஸ்லயே, அதாவது 0 டிகிரியில, 1 நாள்ல கெடுற அளவை ஒரு மடங்குன்னு வெச்சுக்குங்க. 5 டிகிரியில அது கிட்டத்தட்ட 2.25 மடங்கு. 10 டிகிரியில 4 மடங்கு. அதாவது 10 டிகிரி ஃப்ரிட்ஜ்ல 1 நாள் வெக்கிறது, ஐஸ்ல 4 நாள் வெச்சதுக்குச் சமம்.

இப்போ இவங்க இறாலுக்கு அந்தக் கணக்கைப் போடுவோம். ஞாயிறு மதியம் முதல் வியாழன் சாயங்காலம் வரை 4 நாளுக்கு மேல. 4 மடங்கு. ஐஸ்ல 16 நாள் வெச்சதுக்குச் சமம். சிங்க்ல கிடந்த இரண்டரை மணி நேரமும், கரண்ட் இல்லாத 8 மணி நேரமும் இதுல சேரல. மூடியே வெச்சிருந்தாலும் கரண்ட் போன ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். நல்ல இறாலைப் பிடிச்ச உடனே ஐஸ்ல புதைச்சாக்கூட இத்தனை நாள் நல்லா இருக்காது.

காலண்டர் நாலு நாள்னு சொன்னது. இறாலோட கணக்கு வேற.

11.
இன்னொரு விஷயம். அந்த நாலு நாளைக்கு முன்னாடி நடந்தது நமக்குத் தெரியாது.

மத்திகிரியில கோழியைப் பத்தி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்ல. இங்க கோழியின உற்பத்திக்குன்னே ஒரு கல்லூரி இருக்கு. பெரிய கால்நடைப் பண்ணை இருக்கு. கடையில உயிரோட இருக்கிற கோழியைக் காட்டி, நம்ம கண் முன்னாடி வெட்டித் தர்றாங்க. எப்போ செத்துச்சுன்னு நமக்கு நிமிஷக் கணக்குல தெரியும்.

இறாலுக்கு அப்படி இல்ல. நம்ம ஊர்ல இருந்து சென்னைக் கடற்கரை 300 கிலோமீட்டருக்கு மேல. மேற்குக் கடற்கரைக்கு மலை இறங்கணும். வன்னாமி பெரும்பாலும் ஆந்திராவிலயும் நம்ம கடலோர மாவட்டங்கள்லயும் பண்ணையில வளர்றது. அங்க இருந்து ஐஸ்லயோ, பாளமா உறைய வெச்சோ லாரியில வருது. இந்த ஊர்ல கடிகாரம் ஓட ஆரம்பிச்சது ஞாயிறு காலை இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடி.

12.
ஒட்டிக்கிட்டு பாளமா இருந்த இறாலை ஞாபகம் வெச்சுக்குங்க. ஐஸ் மேல போட்ட இறால் அப்படி ஒட்டாது. உறைய வெச்ச பாளத்தை உருக்கி, ஐஸ் மேல பரப்பி, ஃப்ரெஷ்னு வித்தா ஓரத்துல அப்படி ஒட்டியிருக்கும்.

உறைய வெச்ச இறாலை விக்கிறது தப்பே இல்ல. சொல்லப் போனா பிடிச்ச உடனே ஒழுங்கா உறைய வெச்சு, -18 டிகிரியிலயே வந்தது, ரெண்டு மூணு நாள் ஐஸ்ல பயணம் பண்ணின "ஃப்ரெஷ்"ஷை விட நல்லாவே இருக்கும். தப்பு என்னன்னா, உருக்கினதைச் சொல்லாம விக்கிறது. ஃப்ரெஷ்னு நம்பினதாலதான் அந்த அம்மா புதன்கிழமைக்குத் திட்டம் போட்டாங்க. ஏற்கனவே ஐஸ் விட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மொத்தமா சமைச்சிருப்பாங்க.

13.
ஐரோப்பிய நாடுகள்ல உறைய வெச்சு உருக்கின மீனை வித்தா "உருக்கப்பட்டது" அப்படின்னு பொதுவா எழுதியே ஆகணும். சட்டம் அது. காரணம் எளிமையானது. வாங்குறவர் வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும்கிறதே அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்துத்தான் இருக்கு.

நம்ம ஊர்ல 2018ல மீன்ல ஃபார்மலின்னு ஒரு பெரிய பயம் கிளம்புச்சு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட மீனைப் பத்திக் கேக்குறவங்க எல்லாம் ஃபார்மலினைப் பத்தித்தான் கேக்குறாங்க. "இது எப்போ ஐஸ் விட்டது"ன்னு கடையில கேக்குறவங்களை நான் பாத்ததே இல்ல. என் ஓபிக்கு ஃபார்மலினால யாரும் இதுவரை வந்தது இல்ல. வயித்துப்போக்கோட வர்றவங்க வாராவாரம் வர்றாங்க.

14.
கடல் உணவுல எந்தக் கிருமின்னு கேக்குறவங்களுக்காக ஒரே ஒரு பேர் சொல்றேன். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். காலராக் கிருமியோட சொந்தக்காரன். உப்புத்தண்ணியில இயல்பா இருக்கிறது.

1950ல ஜப்பான்ல ஒசாகாவுல அரைகுறையாக் காய வெச்ச சின்ன மத்தி மீன் குஞ்சு சாப்பிட்டு 272 பேர் விழுந்தாங்க. 20 பேர் செத்துப் போனாங்க. அதை ஆராய்ஞ்சுதான் ஃபுஜினோங்கிற விஞ்ஞானி இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். 1996ல நம்ம கொல்கத்தாவுல இதோட ஒரு புது வகை நோயாளிகள்கிட்ட திடீர்னு அதிகமா தென்பட்டுச்சு. அந்த வகை அப்புறம் உலகம் முழுக்கப் பரவுச்சு. வேற நாட்டுச் சமாச்சாரம்னு தள்ளி வெக்க முடியாது.

15.
இந்தக் கிருமியோட குணம் தெரிஞ்சா நம்ம தப்பு எங்கன்னு புரியும். வெதுவெதுப்பா இருந்தா சுமார் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். மத்த கிருமிகளை விட ரொம்ப வேகம். ஆனா நல்ல குளிர்ல, 4 டிகிரிக்குக் கீழ, வளராது.

ஆக, இறாலுக்கு ஆபத்தான நேரம் ரெண்டு. ஒண்ணு, சிங்க்லயோ மேடையிலயோ ஐஸ் விட வெக்கிற நேரம். வெளிப்பக்கம் உருகி அறை வெப்பத்துக்கு வந்திருக்கும், உள்ள இன்னும் கல்லாட்டம் இருக்கும். "இன்னும் ஐஸ் விடலையே"ன்னு நாம காத்திருப்போம். வெளிப்பக்கத்துல கிருமி ரெட்டிப்பு, ரெட்டிப்புன்னு போய்க்கிட்டே இருக்கும். ரெண்டாவது, 10 டிகிரி ஃப்ரிட்ஜும் கரண்ட் கட்டும்.

நல்ல குளிர்லயும் வளர்ற கிருமியும் உண்டு. லிஸ்டீரியான்னு பேர். ஃப்ரிட்ஜ் குளிர்லயே மெதுவா வளரும். நமக்கெல்லாம் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. கர்ப்பிணிக்கு வந்தா கரு கலையுற அளவுக்குப் போகலாம். அதனாலதான் "என் ஃப்ரிட்ஜ் சூப்பரா கூலிங் ஆகும், ஒரு வாரம் வெப்பேன்"கிறதும் சரியில்ல.

16.
இப்போ நம்ம சமையலறை நம்பிக்கைகளுக்கு வருவோம்.

"மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்கு." நாத்தம் தர்றது கெட்டுப்போக வைக்கிற கிருமி. நோய் தர்ற கிருமிக்கு நாத்தமே இருக்காது. ஒரு இறால் நாத்தமே இல்லாம நோயும் தரலாம். ஆனா நாத்தம் வந்துட்டா தீர்ப்பு வந்தாச்சுன்னு அர்த்தம். அமோனியா வாடை, கையில வழுக்குற பசை, அமுக்கினா குழியாகி எழும்பாத சதை, ரோஸ் கலரான கணவாய். இதுல எது இருந்தாலும் குப்பைக்குத்தான். இறால் ஓட்டுல கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம். ஆப்பிளை நறுக்கி வெச்சா கறுக்குற மாதிரி, நொதி வேலை அது. பழசாகுதுன்னு ஒரு எச்சரிக்கையா எடுத்துக்குங்க.

17.
"மஞ்சள் உப்பு தடவியிருக்கேன்." ரெண்டு சிட்டிகை மஞ்சளும் ஒரு ஸ்பூன் உப்பும் கிருமியை நிறுத்தாது. கருவாடு கெடாம இருக்கிறது உப்பு அவ்வளவு போட்டு, தண்ணியையும் வத்த வெக்கிறதால. மசாலா தடவி மூணு நாள் ஊற வெக்கிறது இன்னும் மோசம். காரணம், மிளகாயும் பூண்டும் வாடையை மறைச்சுடும். உங்ககிட்ட இருந்த ஒரே அலாரத்தையும் ஆஃப் பண்ணிடுறீங்க.

"நல்லா கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்." உண்மைதான், பாத்திரத்துக்குள்ள இருக்கிற கிருமி சாகும். ஆனா கெட்டுப்போன இறாலைக் கொதிக்க வெச்சா, கெட்டுப்போன இறால்தான் வெந்து கிடைக்கும். முக்கியமா, குழம்பு கொதிக்கிற சூடு காய் டப்பாவுக்குப் போகாது. இறாலை வெட்டின பலகைக்குப் போகாது. சிங்க்ல பக்கத்துல இருந்த டம்ளருக்குப் போகாது.

18.
சரி டாக்டர், ஞாயித்துக்கிழமைதான் கடைக்குப் போக முடியும், நடுவாரத்துல சாப்பிடணும்னா என்ன பண்றது? ஷிஃப்ட் பாக்குற குடும்பத்துக்கு இது நியாயமான கேள்வி. இந்த அம்மாவுக்கு நான் சொன்ன வழியையே உங்களுக்கும் சொல்றேன்.

வாங்கின அன்னிக்கே முடிவு பண்ணுங்க. இறாலை சுத்தம் பண்ணி, அன்னிக்குச் சமைக்கிறது போக மீதியை உப்பும் மஞ்சளும் போட்டு அப்பவே வேக வெச்சிடுங்க. சதை கண்ணாடி மாதிரி இருக்கிறது மாறி முழுக்க வெள்ளையாகி, சுருண்டு வரணும். கிருமியும் சாகும், சதையைக் கரைக்கிற நொதியும் நிக்கும். ஆறினதும் மூடி போட்ட டப்பாவுல ஃப்ரிட்ஜுக்குள்ள. ரெண்டு மூணு நாளைக்குள்ள குழம்புலயோ தொக்குலயோ போட்டு சூடா சாப்பிடலாம்.

19.
இதுல ஒரே ஒரு எச்சரிக்கை. வேக வெச்ச இறாலை மேடையில மறந்து வெச்சிடாதீங்க. 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகணும். நம்ம கையில, குறிப்பா முள் குத்தின புண்ணுல, ஸ்டெஃபிலோகாக்கஸ்னு ஒரு கிருமி இருக்கும். பச்சை இறால்ல மத்த கிருமிகளோட போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. வெந்த இறால்ல போட்டியே இல்ல. வெளியில வெச்சா வளந்து ஒரு நஞ்சை விட்டுட்டுப் போகும். அந்த நஞ்சு திரும்பக் கொதிக்க வெச்சாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்துலயே வாந்தி வரும். சூடு பண்ணினேனேன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

20.
ரெண்டாவது வழி ஃப்ரீசர். வாங்கின உடனே, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு, கால் கிலோ கால் கிலோவா பிரிச்சு, கவரைத் தட்டையா அமுக்கி, தேதி எழுதிப் போடுங்க. தட்டையா இருந்தா சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். ஏற்கனவே உருக்கின இறாலைத் திரும்ப உறைய வெக்கலாமா? குளிர் விடாம இருந்திருந்தா ஆபத்து இல்ல, சதைதான் கொஞ்சம் சக்கையாகும். வெளியில வெச்சு உருக்கினதைத் திரும்பப் போடாதீங்க. சந்தேகமா இருந்தா வேக வெச்சு அப்புறம் உறைய வைங்க.

21.
எடுக்கும்போது: முந்தின நாள் ராத்திரி ஒரு பாக்கெட்டை மட்டும் ஃப்ரீசர்ல இருந்து எடுத்து, ஸ்டீல் டப்பாவுல வெச்சு மூடி, ஃப்ரிட்ஜோட கடைசித் தட்டுல, காய்க்குப் பக்கத்துல இல்லாம வைங்க. மறுநாள் சமைங்க. அன்னிக்கு முடியலேன்னா அதுக்கு அடுத்த நாள், அதோட சரி. அவசரம்னா கவரை இறுக்கிக் கட்டி பச்சைத் தண்ணியில முக்கி வைங்க. அரை மணிக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. உருகின உடனே அடுப்புக்கு. சின்ன இறாலா இருந்தா உருக்கவே வேண்டாம். கொதிக்கிற குழம்புல அப்படியே போடலாம்.

பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசருக்குக் கீழ இருக்கிற சில்லர் ட்ரேதான் அதிகக் குளிர். ஆனா அது எல்லாத்துக்கும் மேல இருக்கு. அங்க வெச்சா கண்டிப்பா மூடி போட்ட டப்பா. இல்லேன்னா மொத்த ஃப்ரிட்ஜுக்கும் சொட்டும்.

22.
ஏற்கனவே வயித்துப்போக்கு வந்துட்டா: ஓஆர்எஸ் பாக்கெட்டை 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில முழுசா கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வைங்க. மருந்துக்கடையில நிறுத்துற மாத்திரை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க. மலத்துல ரத்தம், ஜுரம் ஏறுறது, 6 மணி நேரமா சிறுநீர் வராதது, எது குடிச்சாலும் வாந்தி, குழந்தை சோர்ந்து கண்ணு உள்ள போறது. இதுல எது இருந்தாலும் காத்திருக்காம வாங்க. கர்ப்பிணி, கல்லீரல் நோய் உள்ளவங்க, சுகர் அதிகமா இருக்கிறவங்க இன்னும் சீக்கிரம் வரணும். என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் இல்லாம, பக்கத்துல என்ன வெச்சிருந்தீங்கன்னும் யோசிச்சுக்கிட்டு வாங்க.

23.
என்னோட கருத்து ரெண்டு வரிதான். மீன் கடைக்காரங்க உருக்கின இறாலை உருக்கினதுன்னு பலகையில எழுதணும். எழுத வெக்க வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறை. அது வர்ற வரைக்கும் நாம கேக்கணும்: "அண்ணா, இது ஐஸ் பாளத்துல இருந்து எடுத்ததா? எப்போ எடுத்தீங்க?" நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு அவரே சொல்லிடுவார். பதில் மழுப்பலா இருந்தா, அன்னிக்கே சமைக்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்க.

24.
பையனும் பாட்டியும் மூணாவது நாள் நல்லாயிட்டாங்க. பையனுக்கு ஒரு நாள் ட்ரிப்ஸ் போட வேண்டி இருந்துச்சு. பாட்டி மட்டும் ரொம்ப நொந்து போனாங்க. "அறுபது வருஷமா வியாழக்கிழமை விரதம் தம்பி. ஒரு நாள் தவறினது இல்ல. ஆனா இறால் தண்ணி என் வாய்க்குள்ள போயிருக்கு."

அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. மருமகள்தான் சொன்னாங்க: "இனிமே இறால் தனி டப்பா அத்தை."

அப்பா ஃப்ரிட்ஜ் குமிழைத் திருகி, மறுபடி அளந்து, 4 டிகிரின்னு எனக்குச் சொல்லி அனுப்பினார். நீங்களும் இன்னிக்கு ராத்திரி ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க. எவ்வளவு வந்துச்சுன்னு கீழ எழுதுங்க. ஓபி முடிஞ்சதும் பாக்குறேன்.